பகலில் நின்ற வெயில், இரவில் சிவக்கும் தோல்

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் காலையில் தொடங்கி, பரிசு கொடுத்து முடிக்க மதியம் தாண்டிவிடும். என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. இந்த முறை திடலில் கோடு போடவும் நாற்காலி அடுக்கவும் உதவிக்குப் போயிருந்தான். கையில்லாத சட்டை போட்டிருந்தான், தொப்பி இல்லை. வானம் மூட்டமாக இருந்ததால் வெயிலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போதும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலையில் தோள் காந்த ஆரம்பித்தது. இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் “மாமா, நேத்து நல்லாதானே இருந்துச்சு, ராத்திரியில எப்படி வெந்துச்சு?” என்று கேட்டான்.

சரியான கேள்விதான். சூடான சட்டியைத் தொட்டால் அந்த நொடியே தெரியும். வெயில் புண் அப்படி வருவதில்லை, ஏனென்றால் அது சூட்டினால் வருவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள், அதிலும் ‘பி’ வகைக் கதிர்கள், தோலின் மேலடுக்கில் உள்ள செல்களுக்குள் புகுந்து டிஎன்ஏவைத் தாக்குகின்றன. டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது நடக்கும்போது வலி தெரியாது. பிறகுதான் அடிபட்ட செல்கள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்களை வெளியிட்டுச் சுற்றுப்புறத்துக்குத் தகவல் சொல்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நரம்பு முனைகள் கூசுகின்றன. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். சிவப்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தலைகாட்டி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆக, காந்தல் தெரியும்போது தோலுக்கு நேர வேண்டியது நேர்ந்து முடிந்திருக்கும்.

நம் தோலில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கொஞ்சம் செம்மை கலந்த கருப்பாகத்தான் இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும், இறுகி இருக்கும், சட்டை உரசினாலே எரியும். தோலுக்குக் கருமை தரும் மெலனின் நமக்குக் காவல்தான், ஆனால் மிகக் கருத்த தோலிலும் அந்தக் காவலின் மதிப்பு, சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் எஸ்பிஎஃப் என்ற காவல் எண் கணக்கில், 13 அளவுக்குத்தான் அளக்கப்பட்டிருக்கிறது. அரை நாள் நின்றால் அது போதாது.

மூட்டமும் அவனை ஏமாற்றியது. மெல்லிய மேகம் சூட்டைத் தணித்துவிடும், ஆனால் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். கடிகாரமும் ஏமாற்றும். ஏற்கெனவே சூரியனைவிட முந்தியிருந்த தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் இன்னும் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. ‘பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி வெயில் இறங்கும்’ என்று நினைக்கும்போது அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். கடிகாரத்தைவிட உங்கள் நிழலை நம்பலாம். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

அன்று காலை அக்கா எலுமிச்சையை நறுக்கிக்கொண்டு வந்தார், நான் தடுத்தேன். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சில பொருள்கள் தோலில் படிந்து, மறுபடி வெயில் பட்டால், கொப்புளமும் பல வாரம் போகாத கருந்தழும்பும் வரும். ஐஸ்கட்டியும் வேண்டாம், ஏற்கெனவே அடிபட்ட தோலை அது இன்னும் காயப்படுத்தும். குழாயின் குளிர்ந்த தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் நனைத்தால் போதும். அல்லது ஈரத்துணியைப் போடலாம். இதை ஒரு நாளில் பல தடவை செய்யலாம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன், தோலை ஈரமாக வைத்திருக்கும், வாசனை சேர்க்காத களிம்பு ஒன்றைப் பூச வேண்டும். கொல்லைக் கற்றாழையும் உதவும், ஆனால் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். அந்தப் பால் அரிக்கும். முதல் நாளில் தேங்காய் எண்ணெயும் வாஸலினும் வேண்டாம், அவை சூட்டை உள்ளே அடைத்து வைக்கும். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளையும் தவிர்ப்பது நல்லது, சிலருக்கு அவை ஒவ்வாமையைக் கிளப்பும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஐபுபுரோஃபென் வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் டெங்கி இருக்கிறது. வெயிலில் அலைந்த மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அது எதனால் என்று வீட்டிலிருந்தே உறுதியாகச் சொல்ல முடியாது. டெங்கியாக இருந்தால் ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இருந்தால் அவை இரண்டையும் தொடாதீர்கள். காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்காமலிருந்தாலோ கண்ணுக்குப் பின்னால் வலித்தாலோ கிளினிக்கில் ரத்தம் சோதிக்க வேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், உடம்பின் பெரும்பகுதியில் கொப்புளம் என்றால் காத்திருக்காமல் போய்விடுங்கள். சின்னக் கொப்புளங்களை உடைக்க வேண்டாம், அந்த மூடிய தோல்தான் கீழே உள்ள புண்ணைக் கிருமியிடமிருந்து மறைக்கிறது. மூன்றாவது நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ சீழ் வந்தாலோ கிருமி புகுந்திருக்கிறது.

நான்காம் ஐந்தாம் நாளில் அவன் தோளிலும் மூக்கிலும் தோல் உரிய ஆரம்பித்தது. டிஎன்ஏவைச் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்ட செல்கள் தாமாகவே அழிந்துவிடுகின்றன. கெட்ட நிலையிலேயே பெருகிப் புற்றுநோய்க்கு வழிவிடாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. அழிந்த செல்களுக்குப் பதிலாகக் கீழிருந்து புதியவை அவசரமாக மேலே வருகின்றன, பழைய அடுக்கு ஏடு ஏடாகக் கழன்றுபோகிறது. பையன்களுக்கு அதைப் பிய்க்கக் கை அரிக்கும். பிய்த்தால் இன்னும் தயாராகாத தோலும் சேர்ந்து கிழியும். தொங்கும் ஓரத்தைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, தினமும் இரண்டு மூன்று தடவை களிம்பு பூசினால் மீதி தானாக விழும். இப்போது வாஸலினும் பூசலாம்.

உரிந்த இடத்தில் தெரியும் இளந்தோல்தான் எளிதில் மறுபடி வெயிலில் வேகும். கருத்த தோலில் இன்னொரு தொல்லையும் உண்டு, வீங்கிய இடம் ஆறிய பிறகு கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். மேலடுக்கு முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை காவலை விடக் கூடாது. முதல் காவல் துணிதான். நெருக்கமாக நெய்த, தளர்வான முழுக்கைச் சட்டை, கழுத்தையும் மூடும் அகலத் தொப்பி. வியர்வையில் நனைந்த மெல்லிய வெள்ளைப் பனியன் கதிரை அதிகமாக விட்டுவிடும். கொப்புளமோ பச்சைப்புண்ணோ இருக்கும் இடத்தில் சன்ஸ்கிரீன் பூசாமல் துணியால் மூடுங்கள். மூடிய தோல் வந்த பிறகு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, ‘ஏ’ வகைக் கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீனைப் பூசலாம். துத்தநாக ஆக்சைடு உள்ளது குறைவாக எரியும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். பெரும்பாலானோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை, அதனால் டப்பாவில் போட்டிருக்கும் எண் கிடைப்பதில்லை. இரண்டு மணிக்கொரு தடவையும், வியர்த்துத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும்.

கொஞ்ச நேரம் வெயிலில் நின்றதுமே அளவுக்கு மீறிக் காந்துகிறது என்றால், சாப்பிடும் மருந்தையும் பாருங்கள். பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட் இரண்டும் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் பார்மசியில் காட்டிக் கேளுங்கள்.