தன் காலை நாயே தரட்டும்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய ஏப்ரலில், மண்டபம் பக்கத்துப் படகுத் தொழிலாளி ஒருவர் தன் நாட்டு நாய் மணியைக் கூட்டி வந்தார். "நாள் பூரா குழி தோண்டுது, செருப்பைக் கடிக்குது. சரி, வீட்ல இருக்கோமே, 'கை கொடு' பழக்கலாம்னு காலைப் பிடிச்சுத் தூக்கினா உறுமுது டாக்டர்" என்றார்.

நான்கு பாதங்களையும் பார்த்தேன். புண் ஏதும் இல்லை. தன் காலை இன்னொருவர் இழுப்பது மணிக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளில் இந்த வித்தை கெடுவது இங்கேதான்.

அவித்த மீனில் முள் நீக்கி, உப்பில்லாமல் பட்டாணி அளவுக்குப் பிய்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஒரு துண்டை உள்ளங்கையில் மூடி, உட்கார்ந்திருக்கும் நாயின் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே நீட்ட வேண்டும். நாய் முகரும், நக்கும், மூக்கால் தள்ளும். நாம் பேசாமல் இருக்க வேண்டும். எதுவும் பலிக்காதபோது காலால் பிறாண்டிப் பார்க்கும். அந்த நொடியிலேயே "சபாஷ்" என்று சொல்லிக் கையைத் திறக்க வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால் காலைக் கீழே வைத்ததற்குத்தான் மீன் கிடைத்தது என்று நினைத்துவிடும். அது தானாக யோசித்து விடை கண்டுபிடிக்கும் அந்த நேரம்தான் மூளைக்கு வேலை. காலை நாமே தூக்கிவிட்டால் அந்த வேலை போய்விடுகிறது. தயங்காமல் கால் வைக்கத் தொடங்கிய பிறகே "கை கொடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

நின்ற இடத்திலேயே சுற்றும் வித்தைக்கும் இதே மீன் போதும். மூக்குக்கு முன்னால் பிடித்து வட்டமாக நகர்த்துங்கள். முதலில் கால் வட்டத்துக்கே கொடுங்கள், பிறகு அரை, பிறகு முழுசு. வழுக்கும் டைல்ஸ் தரையில் வேண்டாம், மணல் முற்றம் நல்லது. இடுப்பு வலியுள்ள கிழட்டு நாய்க்கு இந்த வித்தையே வேண்டாம்.

வெயிலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் மூன்று மூன்று நிமிடம் போதும். கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாலோ நிறுத்திவிடுங்கள். அது தூக்கமோ திமிரோ இல்லை, தடுமாற்றம்.

மூன்று வாரம் கழித்து அவர் போன் செய்தார். குழி தோண்டுவது குறைந்திருந்தது. காலையில் கடற்கரை நடையையும் அவர் விடவில்லை, அதற்கும் இதில் பங்குண்டு. "ஆனா நேத்துலேர்ந்து இடது காலை மட்டும்தான் தருது. சுத்தச் சொன்னாலும் நின்னுக்குது" என்றார். நன்றாகத் தெரிந்த வித்தையை நாய் திடீரென்று மறுத்தால் அதை அடமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. கூட்டி வரச் சொன்னேன். வலது பாத மெத்தைக்குள் சீமைக்கருவேல முள் ஒடிந்து கிடந்தது, மேலே சிறு கறுப்புப் புள்ளி மட்டுமே தெரிந்தது.

முதல் நாள் உறுமிய மணி, அவர் மூடிய கையை நீட்டியதும் கொஞ்சம் யோசித்து, வலிக்கும் அந்தக் காலையே எடுத்து வைத்தது. வாய்க்கட்டு போடாமலே முள்ளை எடுத்தேன்.