தொடுதிரை இருந்தால் பேனா எழுதிவிடாது

கல்லூரி திறக்கும் பருவத்தில் நாகர்கோவிலில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது: “புது லேப்டாப், திரையைத் தொட்டால் வேலை செய்கிறது, பேனா மட்டும் சரியாக எழுதவில்லை.” சென்ற வாரம் தக்கலையிலிருந்து ஒரு தந்தை, பொறியியல் முதலாண்டு படிக்கும் மகனுடன் வந்தார். திரையைப் பின்னால் முழுவதும் மடக்கினால் டேப்லெட் ஆகிற ரகம். அதே திறனுள்ள சாதாரண லேப்டாப்பை விட ஏறக்குறைய 20,000 ரூபாய் கூடுதல். கையால் குறிப்பெடுக்கலாம் என்பதற்காக மட்டுமே அதைக் கொடுத்திருக்கிறார்.

“கடையில் எழுதிப் பார்த்தாயா மக்களே?” என்று பையனிடம் கேட்டேன். விரலால் படங்களைத் தள்ளிக் காட்டினார்களாம். அதோடு சரி.

Settings திறந்து System, அதற்குள் About போனேன். Pen and touch என்ற வரிக்கு எதிரே Touch support with 10 touch points என்று இருந்தது. பேனாவை ஏற்கும் திரை என்றால் அங்கே Pen and touch support என்று தொடங்கும். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. எந்தப் பேனா வாங்கினாலும் அந்தத் திரையில் பேனாவுக்குரிய எழுத்து வராது. எந்த மென்பொருளும் அதை மாற்றாது. தயவுசெய்து இதை நம்புங்கள்.

விரலை உணரும் திரை வேறு, பேனாவை உணரும் திரை வேறு. ரப்பர் முனை வைத்த மலிவான பேனா, திரைக்கு இன்னொரு விரல்தான். எழுதும்போது கையைத் திரையில் ஊன்றினால், அந்தக் கை எது, பேனா எது என்று திரைக்குத் தெரியாது. அந்தப் பையனை ஒரு மின்சுற்று வரையச் சொன்னேன். மின்தடையின் நெளிகோடு மொத்தையான ஒற்றைக் கோடாகிவிட்டது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கிறுக்கல். கையைத் தூக்கியதும் பக்கமே நகர்ந்துபோனது. மின்னணுப் பேனா தானே சமிக்ஞை அனுப்பும். அது அருகில் வந்தவுடன் திரை கையைக் கண்டுகொள்ளாது. அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிமனாகும்.

திரை பேனாவை உணருமா என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பேனா முனையைத் திரையில் படாமல் சற்று மேலே பிடியுங்கள். சிறு புள்ளி ஒன்று தோன்றி முனையோடு நகர வேண்டும். பிறகு கையை நன்றாக ஊன்றி, மெதுவாக ஒரு சாய்கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாப் பேனாவும் நேராகத்தான் போகும். மெதுவாக இழுக்கும்போதுதான் சில திரைகளில் கோடு அலையலையாக நடுங்கும். கணக்கும் படமும் எழுதுபவருக்கு அந்த நடுக்கம் தினசரித் தொல்லை.

பேனாக்களிலும் மொழி உண்டு. மைக்ரோசாஃப்டின் எம்.பி.பி. முறையில் பேசும் பேனா, வாகாம் நிறுவனத்தின் ஏ.இ.எஸ். முறைத் திரையில் எழுதாது. இரண்டையும் பேசும் பேனாக்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாமே அப்படியல்ல. பெட்டிக்குள் பேனா இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். தனியாக என்றால் இன்னும் சில ஆயிரங்கள்.

சரி, கூடுதல் பணம் தகுமா? கணிதம், மின்சுற்று, வேதியியல் வாய்பாடு, உடற்கூறுப் படம் என்று தினமும் மணிக்கணக்கில் கையால் எழுதி, பாடப் பி.டி.எஃப். மேலேயே குறிப்பெடுப்பவருக்குத் தகும். வணிகவியல், நிரலாக்கம் என்று தட்டச்சிலேயே காலம் போகிறவருக்குத் தகாது. முதல் மாதம் ஆசையாக எழுதிவிட்டுப் பிறகு மடக்கவே மடக்காத லேப்டாப்புகளை நிறையப் பார்க்கிறேன். இந்த ரகம் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ அளவுக்கு இருக்கும். டேப்லெட் போல ஒரு கையில் பிடித்து எழுத முடியாது, மேசை வேண்டும்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே யோசியுங்கள். கண்ணாடி, தொடு அடுக்கு, திரை மூன்றும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. கண்ணாடியில் விரிசல் என்றால் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும், சாதாரணத் திரையை விடப் பல மடங்கு செலவு. முட்டத்திலும் குளச்சலிலும் கடற்கரையில் இதைத் திறந்து வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூடும் முன் துடையுங்கள். மணல் கண்ணாடியைக் கீறும். பயந்துபோய்த் தடிமனான கண்ணாடிக் காப்பும் ஒட்டாதீர்கள், பேனாவின் உணர்திறன் குறையும்.

தக்கலைப் பையனுக்கு நான் சொன்னது, யு.எஸ்.பி.யில் செருகும் திரையில்லாத எழுதுபலகை. மூவாயிரம், நாலாயிரத்துக்குள் கிடைக்கும். கண் திரையிலும் கை பலகையிலும் இருப்பது பழகச் சில நாட்கள் ஆகும். ஆனால் கோடு சுத்தமாக விழும், உள்ளங்கைத் தொல்லை இல்லை, எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் வேலை செய்யும்.

மடக்கினால் டேப்லெட் ஆகிற லேப்டாப்தான் வேண்டும் என்றால், அதற்குப் பொருந்தும் பேனாவின் மாடல் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.