ஓவர்புக்கிங் – மிகைப்பதிவு

இருக்கும் அறைகளைவிட அதிகமான முன்பதிவுகளை ஹோட்டல் தெரிந்தே ஏற்றுக்கொள்வதுதான் ஓவர்புக்கிங். குதிரை வண்டிக் காலத்து இங்கிலாந்தில் பயணியின் பெயரைப் புத்தகத்தில் எழுதி இடம் ஒதுக்கினார்கள். புக்கிங் என்ற சொல் அப்படிப் புழக்கத்துக்கு வந்தது. நம் 'பதிவு' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. எனவே 'மிகைப்பதிவு' என்பதே என் தேர்வு. 'கூடுதல் பதிவு' என்றால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்ற பொருள்தான் முதலில் தோன்றும்.

பதிந்தவர்களில் சிலர் சொல்லாமலே வராமல் போவார்கள். வரவேற்பு மேசையில் இவர்களுக்கு 'நோ ஷோ' என்று பெயர். 100 அறை ஹோட்டலில் வழக்கமாக 6 பேர் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 106 பதிவு எடுக்கலாமா? கூடாது. ஓர் அறை காலியாகக் கிடந்தால் நட்டம் 4,000 ரூபாய். ஒருவரை வேறு ஹோட்டலுக்கு அனுப்பினால் அங்கே வாடகை 5,000, கார் 600, ஆக 5,600. அனுப்புவதற்கே செலவு அதிகம் என்பதால் 104 அல்லது 105-இல் நிறுத்துவதே கணக்கு. முகூர்த்த நாள் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வராமல் இருப்பதில்லை.

அப்படியும் தவறும். 104 பதிவில் 2 பேர்தான் வரவில்லை, ஓர் அறையில் ஏசி ஒழுகுகிறது என்றால் மூன்று பேருக்கு இடமில்லை. அவர்களை வேறிடம் அனுப்புவதைத் தொழிலில் 'வாக் பண்றது' என்பார்கள். நடக்கவிடுவது என்று அதைத் தமிழாக்கினால் அவமரியாதை. 'மாற்றிடம் அனுப்புதல்' போதும்.

யாரை அனுப்புவது என்பதைச் சாயங்காலமே முடிவுசெய்ய வேண்டும். ஒரே இரவு தங்குகிறவர், தனியாக வரும் ஆண் பயணி என்று பார்ப்பார்கள். கைக்குழந்தையோடு வருபவர்களையும் தனியாக இரவில் வரும் பெண்ணையும் தொடமாட்டார்கள். அனுப்பப்பட வேண்டியவர் வாசலுக்கு வருமுன் வேறு ஹோட்டலில் அதே தரத்திலோ மேலான தரத்திலோ அறை உறுதியாகியிருக்க வேண்டும். பேச்சு மற்றவர்கள் காதில் விழாத இடத்தில், டியூட்டி மேனேஜர் வாயால்:

"சார், உங்க புக்கிங் சரியாத்தான் இருக்கு, எங்ககிட்டதான் ரூம் இல்லை. தப்பு எங்களோடது. பக்கத்து ஹோட்டல்ல உங்க பேர்ல ரூம் போட்டாச்சு. வாடகை நாங்க கட்டிடறோம், கார் வாசல்ல நிக்குது. நாளைக்கு மதியம் நாங்களே கூட்டிட்டு வந்துடறோம்."

'சிஸ்டம் ப்ராப்ளம்' என்று மட்டும் சொல்லக் கூடாது. பொய் என்று அவருக்குத் தெரியும்.

பலர் கோட்டைவிடுவது டெலிபோனில். அனுப்பப்பட்டவரின் பெயரையும் புது ஹோட்டலின் எண்ணையும் ஆபரேட்டரிடம் கொடுக்காமல் விட்டால், ராத்திரி வீட்டிலிருந்து போன் வரும்போது "அந்தப் பேர்ல இங்க யாரும் தங்கலையே" என்பார் அவர்.