80 எழுத்தில் வெட்டுப்பட்ட ‘இல்லை’

தண்டையார்பேட்டையில் தண்ணீர் கேன் போடும் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். தொழிலுக்கென ஒரு செயலி செய்து கூகுள் பிளேயில் ஏற்றியிருக்கிறார். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு ஆகிய பகுதிகளுக்குக் கேன் அனுப்புகிறார். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, “தம்பி, அட்வான்ஸ் எவ்ளோ கட்டணும்?” என்று கேட்டிருக்கிறார். அட்வான்ஸே வாங்குவதில்லை என்பதுதான் இவர் கடையின் முதல் பெருமை. அந்த அம்மா விடவில்லை. “நீங்கதானே போட்டிருக்கீங்க” என்றாராம்.

அவர் சொன்னது சரிதான். செயலியின் பக்கத்தில், பெயருக்குக் கீழே வரும் குறுவிளக்கத்தில், தெளிவான தமிழில் இப்படி இருந்தது:

“உங்கள் வீட்டு வாசலுக்கே தூய்மையான குடிநீர்க் கேன்கள் வந்து சேரும். முன்பணம் தேவை”

மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கொடுத்ததோ “முன்பணம் தேவையில்லை.” என்பது. இடையில் இருந்த ஒரு நிரல், வரியின் முதல் 80 குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிட்டது. செயலிப் பக்கங்களில் வரும் வரிகளை நேர்த்தி செய்து கொடுக்கும் என் வேலையில் வரி வெட்டுப்பட்டு வந்த பக்கங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால், பொருளே தலைகீழாகி, பிழையென்று சந்தேகிக்க ஒரு புள்ளிகூட இல்லாமல், இலக்கணம் பிசகாத வாக்கியமாக நின்ற ஒன்றைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூகுள் பிளேயில் பெயருக்கு 30, குறுவிளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4000 என்பது வரம்பு. இந்த 80 என்பது எதன் எண்ணிக்கை என்பதில்தான் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பள்ளியில் கற்றபடி எண்ணியிருக்கிறார்: ‘உங்கள்’ என்பதில் உ, ங், க, ள் என நான்கு எழுத்து, ‘வீட்டு’ என்பதில் மூன்று. அப்படியே முழு வரியையும் எண்ணினால் எழுத்துகள் 42, இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்ந்து 11, ஆக 53. எண்பதுக்கு இன்னும் ஏராளமான இடம் இருக்கிறது என்று நிம்மதியாக அனுப்பிவிட்டார். தமிழ் இலக்கணத்தின்படி அவர் எண்ணியதில் குற்றமே இல்லை.

கணினி அப்படி எண்ணுவதில்லை. யூனிகோடில் அகரமேறிய மெய் ஒரு குறி. அதன்மேல் வரும் புள்ளி தனியாக ஒரு குறி. கொக்கியும் காலும் சுழியும் தனித்தனிக் குறிகள். ஆகவே ‘க’ ஒன்று, ‘க்’ இரண்டு, ‘கு’ இரண்டு. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. ‘ஸ்ரீ’ நமக்கு ஒரே வடிவம், கணினிக்கு நான்கு. மேலே உள்ள வரியைக் குறி குறியாக எண்ணிப் பாருங்கள்: ‘சேரும்.’ முடிந்து இடைவெளி விடும்போது 67, ‘முன்பணம்’ முடியும்போது 75, அடுத்த இடைவெளியோடு 76, ‘தேவை’ முடியும்போது மிகச் சரியாக 80. மீதமிருந்த ‘யில்லை’ ஆறு குறிகள், முற்றுப்புள்ளி ஒன்று. மொத்தம் 87. ஏழு குறிகள் கூடியதற்கு அந்தக் கடைக்காரர் கொடுத்த விலை இது.

வரி 80-ஐத் தாண்டினால், செயலிகளை ஏற்றும் தளமான பிளே கன்சோல் அதை ஏற்காது. அந்த மறுப்பைத் தவிர்ப்பதற்காகத்தான் நிரலாளர் இப்படி எழுதியிருந்தார்:

```
short = text[:80]
```

ஆங்கிலத்துக்கு இது அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். அங்கே மறுப்புச் சொல் பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் வினையோடு ஒட்டிக் கடைசியில் வருகிறது. இல்லை, கிடையாது, வேண்டாம், மாட்டோம், முடியாது ஆகிய எல்லாமே வாலில் இருப்பவை. வாலை நறுக்கினால் போவது பெரும்பாலும் அவைதான். “அப்படியென்றால் சொல் உடையாமல், முந்தைய இடைவெளியில் வெட்டிக்கொள்கிறேன்” என்றார் நிரலாளர். அப்படி வெட்டினால் இந்த வரி ‘முன்பணம்’ என்று முடிந்திருக்கும். படிப்பவர் அதையும் ‘முன்பணம் உண்டு’ என்றுதானே எடுத்துக்கொள்வார்? தயவுசெய்து தமிழ் வரியை எந்த இடத்திலும் நிரலைக் கொண்டு வெட்டாதீர்கள். நீளம் மிஞ்சினால் ஏற்றும் வேலை நிற்கட்டும், பிழை காட்டட்டும், எழுதியவரிடமே வரி திரும்பட்டும். பாஸ்ட்லேன் என்ற கருவி வழியாக ஏற்றுபவர்கள் `metadata/android/ta-IN` கோப்புறையில் நின்று இதை ஓட்டினாலே போதும்:

```
python3 -c "print(len(open('short_description.txt', encoding='utf-8').read().strip()))"
```

இந்த வரிக்கு அது 87 என்று சொல்லியிருக்கும். (ஒரு சிறு எச்சரிக்கை: ‘கொ’ என்பதைச் சில எழுதிகள் இரண்டு குறியாகவும் சில மூன்று குறியாகவும் பதிகின்றன. ஆகையால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வரிகளுக்கு எண்ணிக்கை மாறி வந்தால் திகைக்க வேண்டாம்.)

பிழை மூன்று வாரம் அப்படியே இருந்தது. கடைக்காரர் தம் செயலியின் பக்கத்தைத் தினமும் பார்ப்பவர். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். ஆனால் அவருடைய கைப்பேசி ஆங்கிலத்தில் இருக்கிறது, நிரலாளருடையதும் அப்படியே. பிளே கடை மொழியைக் கைப்பேசியின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. ஊரைப் பார்த்து அல்ல. எனவே அவர்கள் இருவருக்கும் பிழையில்லாத ஆங்கில வரியே தெரிந்துகொண்டிருந்தது. கைப்பேசியைத் தமிழில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் மட்டும் ‘முன்பணம் தேவை’ என்று படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவைப் போல எத்தனை பேர் அழைத்துக் கேட்பார்கள்? ஏற்றியபின் பக்கத்தைத் தமிழில் பார்ப்பது அரை நிமிட வேலை. உலாவியில் செயலியின் பக்கத்தைத் திறந்து, முகவரியின் இறுதியில் `&hl=ta` என்று சேர்த்தால் போதும். அதைக்கூடச் செய்யாமல் ‘தமிழிலும் உள்ளது’ என்று சொல்லிக்கொள்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம்.

வரியைக் குறுக்கினால் மட்டும் தீராது என்பதால் புதிதாகவே எழுதினோம். முதலில் ‘முன்பணம்’ போயிற்று. கேனுக்குக் கட்டும் தொகையை இந்தப் பகுதியில் அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். ‘குடிநீர்க் கேன்கள்’ என்று யாரும் கேட்டு வாங்குவதில்லை, தண்ணீர் கேன்தான். ‘தூய்மையான’ என்பதையும் எடுத்துவிட்டேன். எல்லாக் கடையும் அதைச் சொல்கிறது, வேறுபாடு எதுவும் தெரிவதில்லை. பிறகு, வாடிக்கையாளர்கள் எதை மெச்சுகிறார்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வீடுகளுக்கும் பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள், மற்ற கடைக்காரர்கள் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார். ஆங்கில மூலத்தில் இது ஒரு சொல்லாகக்கூட இல்லை. இப்போது பக்கத்தில் இருக்கும் வரி இது:

“அட்வான்ஸ் இல்லாமல் தண்ணீர் கேன். மாடி வரை கொண்டுவந்து தருவோம்.”

62 குறிகள். மறுப்பு இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடுகிறது. திரை சிறிதாக இருந்து வரி பாதியில் மறைந்தாலும் அட்வான்ஸ் இல்லை என்பது படித்தாகிவிடும். முழு விளக்கத்தின் தொடக்கத்தையும் இதே முறையில் மாற்றிக் கொடுத்தேன்.

கடைக்காரர் கல்லாவில் கிடந்த பழைய கைப்பேசி ஒன்றைத் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறார். பக்கத்தில் எதை மாற்றினாலும் முதலில் அதில் திறந்து, ஆர்டர் எடுக்கும் பெண்ணை உரக்கப் படிக்கச் சொல்கிறாராம்.