மெர்ஜ் சார்ட்டில் யாரை ஆள்கிறோம்?

சென்ற பருவத் தேர்வில் விடைத்தாள் திருத்தும்போது ஒரு பதிலில் நெடுநேரம் நின்றுவிட்டேன். கேள்வி இது: “பிரித்தாளும் முறையில் அமைந்த ஒன்றிணைப்பு வரிசையாக்கத்தை விளக்குக.” மாணவர் எழுதியிருந்தார்: “முதலில் பெரிய எண்களை ஒரு பக்கமும் சிறிய எண்களை மறுபக்கமும் பிரிக்க வேண்டும்.” கையெழுத்தும் தெளிவு, விளக்கமும் தெளிவு. ஆனால் அவர் விளக்கியது குவிக் சார்ட் என்னும் வேறொரு வரிசையாக்க முறை. கேட்டதோ மெர்ஜ் சார்ட், அதாவது ஒன்றிணைப்பு வரிசையாக்கம்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பிரித்தாளும் சூழ்ச்சி என்று நாமெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். வெள்ளைக்காரன் யார் யாருக்குள் பகை மூளும் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தான். ஆளை அறியாமல் பிரித்தாள முடியாது. அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை எண்களின் தரம் பார்த்துப் பிரித்ததில் என்ன வியப்பு?

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. ஆங்கிலத்தில் ‘டிவைட் அண்ட் கான்கர்’ என்பதற்குப் பின்னே இருப்பது ‘பிரி, ஆள்’ என்னும் லத்தீன் தொடர். மெர்ஜ் என்பதற்கும் லத்தீன்தான் மூலம். அமிழ்த்துதல் என்பது அதன் பழம்பொருள். மெர்ஜ் சார்ட்டை 1945இல் எட்வாக் கணினிக்காக எழுதியவர் ஜான் வான் நாய்மன். இவ்வளவு போதும்.

பிரித்தாளுதல் லத்தீனுக்கு நேர்ச்சொல்தானே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். லத்தீனுக்கு நேர், கணினிக்குக் கோணல். பெரிய கணக்கை அதே வகையான சிறு கணக்குகளாக உடைப்பது, சிறியவற்றைத் தீர்ப்பது, தீர்வுகளைச் சேர்த்துப் பெரியதன் தீர்வை எடுப்பது என்று இந்த உத்திக்கு மூன்று படிகள் உண்டு. மூன்றாவது படி ஆங்கிலப் பெயரிலேயே விடுபட்டுப்போனது. மெர்ஜ் சார்ட்டில் உழைப்பு முழுவதும் அந்தப் படியில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தின் ஓட்டையையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டார்கள்.

எட்டு விடைத்தாள்களைப் பதிவெண் வாரியாக அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் அவை 42, 17, 88, 5, 63, 29, 71, 36 என்று கிடக்கின்றன. மெர்ஜ் சார்ட் முதலில் கட்டை நடுவில் வெட்டும்: நான்கு இங்கே, நான்கு அங்கே. பிறகு இரண்டிரண்டாக, பிறகு ஒவ்வொன்றாக. இதுவரை ஒரு பதிவெண்ணைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. ஒற்றைத் தாள் தனக்குத்தானே வரிசைதான்; அதை வெல்லவும் வேண்டாம், ஆளவும் வேண்டாம்.

இனிமேல்தான் வேலை. தாள்களை இணை இணையாக ஒப்பிட்டால் 17–42, 5–88, 29–63, 36–71 என்று நான்கு இணைகள் கிடைக்கும். நான்கு ஒப்பீடுகள் ஆயின. அடுத்து 17–42, 5–88 ஆகிய இரண்டையும் சேர்க்க வேண்டும். இரண்டு கட்டிலும் மேலே இருக்கும் தாள்களை மட்டும் பார்த்து, சிறியதை எடுத்து வைத்தால் போதும்: 5, 17, 42, மிஞ்சியது 88. மூன்று ஒப்பீடுகள். மறுபக்கமும் அவ்வாறே மூன்று; 29, 36, 63, 71 கிடைக்கும். கடைசியில் இந்த இரண்டு நால்வர் கட்டுகளைச் சேர்க்க ஏழு. மொத்தம் 17.

இதைவிட மோசமாக எப்படிக் கலைத்துக் கொடுத்தாலும் எட்டுத் தாளுக்கு 17ஐ மீறாது. ஏற்கெனவே அடுக்கிய கட்டைக் கொடுத்தால் 12. அந்த 12க்கும் 17க்கும் இடையில்தான் எல்லாம் அடங்கும். காரணம் அந்தக் குருட்டு வெட்டுதான். எண்களைப் பார்க்காமல் நடுவில் வெட்டுவதால், எத்தனை நிலைகள் என்பதை எண்களால் மாற்ற முடியாது; எட்டுக்கு எப்போதும் மூன்று, 1024க்கு எப்போதும் பத்து. ஒவ்வொரு நிலையிலும் எல்லாத் தாளும் ஒரு முறை நகரும். கணக்காக எழுதினால்:

```
T(n) = 2 T(n/2) + n
```

இதில் `2 T(n/2)` பாதிகளுக்கான நேரம். கூட்டலுக்குப் பின் நிற்கும் `n` சேர்ப்பதற்கான கூலி. விடை n log n அளவில் வளரும், எந்தக் கட்டு வந்தாலும்.

குவிக் சார்ட் நேர்மாறு. அது ஒரு தாளை அளவுகோலாக எடுத்து, அதைவிடச் சிறியவை, பெரியவை என்று பதிவெண்ணைப் பார்த்தே பிரிக்கும். சேர்ப்பதற்கு அதில் வேலையே இல்லை. ஆகவே பிரிப்பு எவ்வளவு சமமாக அமையும் என்பது எண்களின் கையில். முதல் தாளையே அளவுகோலாகக் கொண்டு, அடுக்கிய கட்டை அதனிடம் கொடுத்தால் ஒரு பக்கம் காலி, மறுபக்கம் மீதி அத்தனையும். எட்டுத் தாளுக்கு 28 ஒப்பீடுகள். 1024 தாளுக்கு 5,23,776. மெர்ஜ் சார்ட்டின் உச்சமோ 9,217. பிரித்தாளுதல் என்ற பெயர் யாருக்காவது பொருந்துமானால் அது குவிக் சார்ட்டுக்கே பொருந்தும். மெர்ஜ் சார்ட்டின் உத்தரவாதம் எந்த இடத்தில் இருக்கிறதோ, சரியாக அந்த இடத்தை அந்தப் பெயர் மறைக்கிறது.

அப்படியானால் என்ன சொல்வது? ‘பிரித்து வெல்லல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சூழ்ச்சி போனது, போர் போகவில்லை. நான் குறளிடம் போகிறேன். அமைச்சு அதிகாரத்தில் (633) “பிரித்தலும் பேணிக் கொளலும் பிரிந்தார்ப் பொருத்தலும்” என்று மூன்று தொழில்கள் வரிசையாக வருகின்றன. அங்கேயும் பிரிப்பது பகைவரைத்தான் என்று உரைகளைக் காட்டி மடக்கலாம்; ஒப்புக்கொள்கிறேன். என் கண் மூன்றாவது சொல்லில் இருக்கிறது. பிரிந்ததை மீண்டும் இசைய வைப்பதற்குப் பொருத்தல் என்ற சொல் இருக்க, அதை விட்டுவிட்டு வாளைத் தூக்குவானேன்? ‘பிரித்துப் பொருத்தல்’ என்றால் உழைப்பு எங்கே என்று பெயரே சொல்லிவிடும். ஒன்றிணைப்பு வரிசையாக்கம் என்ற பெயரை மாற்ற வேண்டாம், அது பழகிவிட்டது.

இன்னொரு தொல்லை ‘நிலையான நேரம்’. மெர்ஜ் சார்ட் நிலையான நேரத்தில் முடியும் என்று எழுதினால், தாள் எட்டானாலும் எண்ணாயிரமானாலும் ஒரே நேரம் என்று படிப்பவர் கொள்வார். அது பொய். போதாக்குறைக்கு, சமமான எண்களின் முன்பின் முறை கலையாதிருப்பதையும் ‘நிலையான’ என்றே எழுதுகிறார்கள். சமம் வரும்போது இடக்கட்டிலிருந்து எடுத்தால் அந்தப் பண்பு கிடைக்கும். நேரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நேரத்தைப் பற்றிப் பேசும்போது ‘உறுதியான உச்சவரம்பு’ என்று நான்கு எழுத்துக் கூட்டி எழுதினால் மை தீர்ந்துவிடாது.

பொருத்தல் என்ற பெயர் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறது. பொருத்துவதற்கு இடம் வேண்டும். எட்டுத் தாளைச் சேர்க்க, எட்டுத் தாள் வைக்கும் அளவுக்கு இன்னொரு மேசை. சாதாரணமாக எழுதப்படும் மெர்ஜ் சார்ட் நினைவகத்திலும் அப்படியே கேட்கிறது. குவிக் சார்ட் கட்டு கிடக்கும் மேசையிலேயே வேலையை முடித்துவிடும். திருத்தும் அறையில் எனக்குக் கொடுத்திருந்தது ஒற்றை மேசை. மறு மேசைக்குப் பதிலாகத் தரையில்தான் அடுக்கினேன்.