பிந்திப் பிந்தி வாடகை தருபவருக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் வீடோ கடையோ வாடகைக்குக் கொடுத்தவர்கள் என்னிடம் வரும்போது கையில் உடன்படிக்கையைத்தான் கொண்டு வருவார்கள். நான் முதலில் கேட்பது போனை. வாடகைக்காரருக்கு இதுவரை என்னென்ன அனுப்பினீர்கள் என்று காட்டச் சொல்வேன். அநேகமாக எல்லாப் போனிலும் இருப்பது ஒரே கதைதான். எட்டொன்பது மாதத்துக்கு "தம்பி, வசதிப்பட்டால் பார்த்துப் போடுங்க" என்று ஓடியிருக்கும், அப்புறம் திடீரென்று ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மூச்சு வாங்க வாங்கப் பேசிய வொய்ஸ் மெசேஜ் ஒன்று கிடக்கும், அதற்கடுத்து ஒன்றும் இருக்காது.

நான் சொல்வது காசே தராமல் ஏமாற்றுகிறவரைப் பற்றி அல்ல. அவருக்கு வேறு வழி இருக்கிறது. இவர் ஒவ்வொரு மாதமும் தருவார், ஆனால் 5ஆம் திகதி தரவேண்டியதை 17இல் தருவார், 20இல் தருவார், 24இல் பாதி தருவார். இவரை வைத்துக்கொண்டு "கோர்ட்டுக்குப் போவேன்" என்று எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் இடமென்றால், வாடகை நிலுவையைக் காரணம் காட்டி ஒருவரை எழுப்ப மூன்று மாத நிலுவையாவது இருக்க வேண்டும். பதினைந்து நாள் பிந்துகிறவர் அந்தக் கோட்டுக்குக் கிட்டவே வரமாட்டார். சரி, கோபத்தில் "உன் காசே வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினாலோ, அதே சட்டத்தின்படி அவர் உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் வாடகையைக் கட்டிவிட்டுப் போகலாம், அது உங்களுக்குக் கட்டியதாகவே கணக்கு. அந்தச் சட்டம் பொருந்தாத வீடுகளும் நிறைய இருக்கின்றன, அங்கே மாத வாடகை என்றால் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து முடிக்கலாம். ஆனால் அறிவித்தல் கொடுத்தும் அவர் எழும்பாவிட்டால் வழக்குத்தான், வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே இப்படிப்பட்டவரிடம் உங்கள் கையிலிருக்கும் பெரிய ஆயுதம் நீங்கள் எழுதும் அந்த நாலு வரிதான். அதில் பெரும்பாலானோர் பணிவையும் மழுப்பலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பணிவு ஆளைப் பற்றியது, திகதியும் தொகையும் வேறு விஷயம். ஆளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பணிவாக இருங்கள், திகதியில் மட்டும் வேண்டாம்.

ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன், ஆட்கள் யாரென்று தெரியாதபடி மாற்றித்தான். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். டவுனில் கீழே கடை, மேலே வீடு. கடையை எடுத்திருப்பவர் அவரிடமே படித்த பையன், சில்லறைக் கடை போட்டிருக்கிறார். வாடகை 30,000 ரூபா, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன். ஒரு மாதமும் 5ஆம் திகதி வந்ததில்லை.

டீச்சரின் செய்திகளை வாசித்தேன். "தம்பி சுகமா? பிள்ளைகள் சுகமா? மருந்து எடுக்கணும், முடிஞ்சா கொஞ்சம் பாருங்க." தொகை இல்லை, திகதி இல்லை, எந்த மாதத்துக்கு என்றும் இல்லை. அதற்குப் பதில்: "ஓம் டீச்சர், பார்க்கிறேன்." கேட்டதும் பார்க்கச் சொல்லித்தான், அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்! பிறகு அந்த வொய்ஸ் மெசேஜ். அதில் டீச்சர் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு இறங்கிவிட்டார், "படிக்கிற காலத்திலேயே நீ இப்படித்தான்" என்றும் ஒரு வார்த்தை. பையன் அதைக் கேட்டுவிட்டு இரண்டு மாதம் படியேறவில்லை, காசைக் கடைப் பெடியனிடம் கொடுத்தனுப்பினார், அதுவும் முன்பைவிடப் பிந்தி. திட்டினதால் ஒரு நாள்கூட முந்தவில்லை.

அவர் ஏன் பிந்துகிறார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தக் கடையில் பாதி வியாபாரம் தோட்டத்து ஆட்களின் கொப்பிக் கணக்கு. தோட்டத்தில் சம்பளம் போடுவது 10ஆம் திகதி வாக்கில், அதற்குப் பிறகுதான் கொப்பி தீரும், கல்லாவில் காசு விழும். 5ஆம் திகதி வாடகை என்பது அவருக்கு முதலிலிருந்தே ஆகாத காரியம். அது ஒரு பாதி. மற்றப் பாதி, 12ஆம் திகதி காசு வந்ததும் அது போகும் வரிசை. கம்பனிக்காரருக்குக் கொடுத்த செக் 13ஆம் திகதிக்கு, காசில்லாவிட்டால் திரும்பிவிடும். முச்சக்கர வண்டி லீசிங் 15ஆம் திகதி, பிந்தினால் மேலதிக வட்டி. திகதி இல்லாமல் இருந்தது டீச்சரின் கடன் ஒன்றுதான், அதனால் அது கடைசியில் நின்றது. பையன் கெட்டவன் இல்லை, வரிசையில் பின்னால் நிற்கச் சம்மதித்த ஒரே ஆள் டீச்சர்தான்.

முதல் வேலையாகத் திகதியை 12க்கு மாற்றினோம். இது விட்டுக்கொடுப்புத்தான், ஆனால் சும்மா கொடுக்கக்கூடாது. டீச்சர் பையனை நேரில் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, "உங்க கணக்கு 10க்குப் பிறகுதான் தீருதுன்னு விளங்குது, இனி 12. ஆனா 12ன்னா 12தான்" என்று சொல்லி, அதையே அன்றைக்கே எழுதியும் அனுப்பினார். நல்லெண்ணத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுதான், ஒரு தடவை, முகத்துக்கு முகம். மாதாமாதம் ஒவ்வொரு செய்தியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் அதற்கு மதிப்பில்லாமல் போகிறது.

பிறகு செய்திகள். 10ஆம் திகதி பின்னேரம் போவது இது:

"வணக்கம் தம்பி. இந்த மாதக் கடை வாடகை 30,000 ரூபா 12ஆம் திகதிக்கு. வழக்கமான கணக்குக்குப் போட்டுவிட்டு ஸ்லிப்பை அனுப்புங்கள். நன்றி."

'முடிந்தால்' இல்லை, 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' இல்லை, மருந்துச் செலவும் இல்லை. உங்கள் கஷ்டத்தைக் காரணமாக எழுதினால் அவரும் தன் கஷ்டத்தை எழுதுவார், அப்புறம் யாருடைய கஷ்டம் பெரியது என்ற பேச்சாகிவிடும். வாடகை வரவேண்டியது கடை அவரிடம் இருப்பதால்.

13ஆம் திகதி காலையில், காசு வராவிட்டால்:

"தம்பி, நேற்று வரவேண்டிய 30,000 இன்னும் வரவில்லை. இன்று எவ்வளவு போடுகிறீர்கள், மிச்சம் எந்தத் திகதி என்று இரவு 7 மணிக்கு முன் எழுதி அனுப்புங்கள்."

இங்கே 'ஏன்' என்று கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? ஏன் என்று கேட்டால் கதைதான் வரும், எவ்வளவு, எப்போது என்று கேட்டால் எண்ணும் திகதியும் வரும். அவராக எழுதிய திகதியைப் பிறகு அவரால் மறுக்கவும் முடியாது. இந்தச் செய்தி 13ஆம் திகதியே போகவேண்டும் என்பதில் டீச்சரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, ஒரு நாள்தானே பிந்தியிருக்கிறது என்றார். ஒரு நாள் பிந்தியபோது எழுதுவது கணக்கு, பத்து நாள் கோபத்தை அடக்கிவிட்டு எழுதினால் சண்டையில்தான் முடியும்.

இன்னொன்று, நம்மவர்களில் பலர் வெள்ளிக்கிழமை காசை வெளியே விடமாட்டார்கள், விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் கொடுக்கமாட்டார்கள். சிலருக்கு அது நம்பிக்கை, சிலருக்கு வசதி. வாதாடத் தேவையில்லை. 12 வெள்ளியில் விழும் மாதத்தில் "12 வெள்ளிக்கிழமை என்பதால் 11ஆம் திகதி போட்டுவிடுங்கள்" என்று முன்கூட்டியே எழுதினால் முடிந்தது.

உண்மையான காரணம் வரும் மாதங்களும் உண்டு. ஒரு மழை மாதத்தில் மண்சரிந்து பாதை மூடிக் கடைக்குச் சாமான் வரவில்லை. அப்போது "பரவாயில்லை தம்பி, பொறுத்துத் தாங்க" என்று எழுதிவிடாதீர்கள், நாளைக்கு விவகாரமானால் நீங்களே தவணை கொடுத்தீர்கள் என்று அதைக் காட்டலாம். "பாதை மூடியது தெரியும். இந்த மாதம் மட்டும் 12இல் 15,000, 25இல் 15,000. அடுத்த மாதம் பழையபடி 12." இரக்கம் அவ்வளவும் இதில் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது.

யாருக்குச் சொல்வது என்பதும் தொனிதான். பையனின் மனைவியிடம், தாயிடம், கோயில் கமிட்டியில் இருக்கும் மாமாவிடம் சொல்லி அனுப்புவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். ஒரே கடைவீதி, ஒரே பஸ் ஸ்டாண்ட், விஷயம் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். மானம் போனவருக்கு உங்கள் காசை முந்திக் கொடுக்க வேண்டிய காரணம் ஒன்றுகூட மிச்சமிருக்காது. கரண்டை வெட்டுவது, தண்ணீரை மூடுவது, பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது எல்லாம் அதைவிட மோசம், முறைப்பாடு போகும் ஆள் அவராகிவிடுவார், பொலிஸில் பதில் சொல்வது நீங்களாவீர்கள்.

பற்றுச்சீட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. "மார்ச் மாத வாடகை 30,000 ரூபா, மார்ச் 19ஆம் திகதி பெற்றுக்கொண்டேன்" என்று மாதத்தையும் கிடைத்த நாளையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். கடுமையான சொல் ஒன்றுமில்லை, ஆனால் பிந்தியது இரண்டு பேர் கையிலும் எழுத்தில் இருக்கிறது. பாதிக் காசு வந்தால் எந்த மாதத்துக்கு வைத்தீர்கள், மிச்சம் எவ்வளவு என்பதும் அதிலேயே வரட்டும்.

டீச்சரின் கடையில் இப்போது காசு பெரும்பாலும் 12க்கும் 14க்கும் இடையில் வருகிறது. சில மாதம் 13ஆம் திகதிச் செய்தி போகத்தான் செய்கிறது. அது போதும் என்பது என் கருத்து, இந்த ரக ஆளிடம் 12ஐயே பிடிவாதமாக எதிர்பார்த்தால் நல்ல வாடகைக்காரர் ஒருவரை இழப்பீர்கள்.

13ஆம் திகதிச் செய்திக்கும் பதில் வராமல், அவர் சொன்ன திகதியும் தாண்டி, அடுத்த மாதமும் அப்படியே ஆனால் கடிதம். "16ஆம் திகதி கடிதம் அனுப்புவேன்" என்று எழுதினால் 16ஆம் திகதி பதிவுத் தபாலில் போட்டாக வேண்டும், போடமாட்டீர்கள் என்றால் அந்த வரியை எழுதவேண்டாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். சட்டத்தரணி கடிதம் என்றால் இங்கிலீஷில்தான் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு யாரிடமாவது வாசிக்கக் கொடுப்பார், அவர் இல்லாததும் பொல்லாததும் சேர்த்துச் சொல்வார். வீட்டை விடச்சொல்லும் அறிவித்தல் வரை போய்விட்டதென்றால் மட்டும், அதற்குப் பிறகு வரும் காசுக்கு 'வாடகை' என்று பற்றுச்சீட்டு எழுதாமல் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் அதை நட்டஈடாகப் பெற்றதாக எழுதுவதுதான் வழக்கம், வாடகை என்று எழுதினால் கொடுத்த அறிவித்தலை நீங்களே கைவிட்டீர்கள் என்று அவர் பக்கத்தில் வாதம் எழும்.