பழைய இறுவட்டு புதிய கொன்சோலுக்குள் போகும்போது

ஹட்டனில் இருக்கும் அக்காவின் மகன், சென்ற மாதம் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஒன்றை வாங்கியதும், அலுமாரியிலிருந்து எக்ஸ்பொக்ஸ் 360 இறுவட்டுகளை எடுத்துத் துடைத்து வைத்தான். முதல் இறுவட்டைப் போட்டான். விளையாட்டு தொடங்கவில்லை. சுமார் 7 ஜிபி பதிவிறக்க வேண்டும் என்று திரை சொன்னது. "மாமா, விளையாட்டுத்தான் இதிலேயே இருக்கிறதே, பிறகு எதற்குப் பதிவிறக்கம்?" என்று கேட்டான். மிகச் சரியான கேள்வி.

இறுவட்டில் விளையாட்டு இருக்கிறது. ஆனால் அது புதிய கொன்சோலுக்குப் புரியாத மொழியில் இருக்கிறது. 360இன் செயலி பவர்பிசி வகையைச் சேர்ந்தது. சீரிஸ் எக்ஸில் இருப்பதோ எக்ஸ்86 வகை. கட்டளைகள் மட்டுமல்ல, எண்களை நினைவகத்தில் அடுக்கும் வரிசைகூட வேறு. 300 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பைட் இடம் வேண்டும். 360 அதை 1, 44 என்று எழுதும், அதாவது 1×256+44. எக்ஸ்86 செயலி சிறிய பகுதியை முதலில் எதிர்பார்க்கும். அதே இரண்டு பைட்டுகளை அது அப்படியே வாசித்தால் 44×256+1, அதாவது 11,265 என்று புரிந்துகொள்ளும். 300 புள்ளி உயிரோடு நிற்க வேண்டிய வீரனுக்குப் பதினோராயிரம் புள்ளி கிடைத்தால் விளையாட்டு எப்படி நடக்கும்?

ஆகவே மைக்ரோசொஃப்ட் 2015இல் வேறு வழியை எடுத்தது. ஒவ்வொரு விளையாட்டையும் தானே சோதித்து, 360ஐப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளோடு சேர்த்துப் புதிய பொதியாகக் கட்டியது. இறுவட்டைப் போட்டதும் கொன்சோல் அது எந்த விளையாட்டு என்று அடையாளம் கண்டு, அந்தப் பொதியைத்தான் இறக்குகிறது. அதன்பின் இறுவட்டிலிருந்து விளையாட்டுத் தரவு எதுவும் வாசிக்கப்படுவதில்லை. ஆனாலும் விளையாடும் நேரமெல்லாம் அது உள்ளேயே இருக்க வேண்டும். உரிமைக்கு அதுதான் சான்று. சுருங்கச் சொன்னால், இறுவட்டு இங்கே ஒரு சாவி.

வெளியீட்டாளரின் அனுமதி கிடைத்த விளையாட்டுகளுக்கு மட்டுமே இப்படிப் பொதி கட்டினார்கள். 2021 நவம்பரில் கடைசித் தொகுதியைச் சேர்த்துப் பட்டியலை மூடிவிட்டார்கள். 360க்கு வந்த விளையாட்டுகளில் பெரும்பகுதி அதில் இல்லை. பட்டியலில் இல்லாத இறுவட்டைப் போட்டால் பதிவிறக்கமே தொடங்காது. ஒரு காலத்தில் நம் ஊர்களில் மலிவாகக் கிடைத்த நகல் இறுவட்டுகளும் சாவியாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. மருமகனின் 11 இறுவட்டுகளில் 4தான் தேறின. இறுவட்டுச் செலுத்தியே இல்லாத சீரிஸ் எஸ்ஸை அவன் வாங்கியிருந்தால் அந்த நான்கும் பயன்பட்டிருக்காது.

பிளேஸ்டேஷன் 5இல் நிலைமை வேறு. பிளேஸ்டேஷன் 4இன் செயலியும் எக்ஸ்86 வகைதான் என்பதால் மொழிபெயர்ப்புக்குத் தேவையே இல்லை. ப்ளூரே இறுவட்டிலிருந்தே விளையாட்டு சேமிப்பகத்துக்குப் பிரதியாகும். பெரும்பாலும் பிற்காலத் திருத்தங்களுக்கு மட்டும் இணையம் தேவைப்படும். ஆனால் செல் என்ற தனி வகைச் செயலியில் ஓடிய பிளேஸ்டேஷன் 3இன் இறுவட்டை அது ஏற்பதே இல்லை. இறுவட்டு இல்லாமல் வாங்கியவற்றுக்கும் இதே எல்லைதான். கணக்கு ஒன்றாக இருந்தால் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகள் புதிய கொன்சோலின் நூலகத்தில் தெரியும். பிளேஸ்டேஷன் 3க்காக மட்டும் வாங்கியவை வராது. எக்ஸ்பொக்ஸ் 360இன் இணையக் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவற்றை மீண்டும் இறக்கலாம்.

எங்களுக்கு மிஞ்சிய சிக்கல் அந்த 7 ஜிபிதான். மழை நாளில் அக்கா வீட்டில் வினாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தாலே பெரிது. 7 ஜிபி என்பது 56,000 மெகாபிட். ஐந்தால் வகுத்தால் 11,200 வினாடி, மூன்று மணி நேரத்துக்கும் மேல். நான்கு விளையாட்டுக்கு அரை நாள் போய்விடும். டேட்டா செலவு வேறு.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இப்பொதிகளை யூஎஸ்பி 3.0 வன்தட்டில் வைத்து அதிலிருந்தே ஓட்டலாம். வன்தட்டு 128 ஜிபியாவது இருக்க வேண்டும். முதல் முறை இணைக்கும்போது கொன்சோல் அதை அழித்துத் தனக்கேற்ப வடிவமைத்துவிடும் என்பதால், அதில் கல்யாணப் படங்கள் இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். மருமகன் தன் நான்கு இறுவட்டுகளையும் வன்தட்டையும் பையில் போட்டுக்கொண்டு, எக்ஸ்பொக்ஸ் வைத்திருக்கும் கொழும்புச் சித்தப்பா வீட்டுக்குப் போனான். அங்கே ஒவ்வொன்றாகப் போட்டு வன்தட்டிலேயே இறக்கி, ஞாயிறு ரயிலில் கொண்டுவந்தான். ஹட்டனில் வன்தட்டைச் செருகி முதல் இறுவட்டை உள்ளே தள்ளியபோது பதிவிறக்கம் எதையும் கேட்காமல், பழைய 360இன் தொடக்கச் சின்னம் திரையில் விரிந்தது.